ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே தேவையா? ஒன்றரை வருஷம் ஸ்மார்ட் வாட்ச் கட்டிட்டு எழுதுறேன்

காசிமேட்டுல மீன் எடுத்து விக்கிற நம்ம பையன் ஒருத்தன் போன வாரம் கேட்டான், "மச்சான், ஆல்வேஸ் ஆன் போட்டா பேட்டரி நிக்க மாட்டேங்குது, ஆஃப் பண்ணிட்டா கைய தூக்குனாலும் ஸ்க்ரீன் எரிய மாட்டேங்குது, என்னடா பண்றது"ன்னு. இதே கடுப்புல நான் ஆறு மாசம் இருந்தேன், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

நான் வாட்ச் கட்றது வலது கையில. வாங்குனப்போ எல்லாம் சரியாதான் இருந்துச்சு. சார்ஜ் ஏறலன்னு ஒரு தடவ சர்வீசுக்கு குடுத்தேன், ரீசெட் பண்ணி குடுத்தாங்க, அதுல இருந்துதான் பிரச்சனை. டைம் பாக்க கைய திருப்புனா கருப்பா இருக்கும், ஒரு உதறு உதறுனா எரியும், அதுவும் சில நேரம்தான். திரும்ப போய் கேட்டா "ஆல்வேஸ் ஆன் போட்டுக்கோங்க சார்"னு அனுப்பிட்டாங்க. போட்டேன். முன்னாடி ஒரு நாளைக்கு 9 சதவீதம் இறங்கிட்டு இருந்த பேட்டரி 20 சதவீதம் இறங்க ஆரம்பிச்சுது, பத்து நாள் வந்தது அஞ்சு நாள் ஆயிடுச்சு.

இவ்ளோ ஏன் தின்னுதுன்னு கணக்கு போட்டா புரியும். நாம ஒரு நாளைக்கு 120 தடவ டைம் பாக்குறோம், ஒவ்வொரு தடவையும் 6 செகண்ட் எரியுதுன்னு வைங்க, மொத்தமே 12 நிமிஷம்தான். ஆல்வேஸ் ஆன்ல நாம முழிச்சிருக்குற 16 மணி நேரமும் ஸ்க்ரீன் எரியுது. வெளிச்சம் கம்மிதான், நிமிஷத்துக்கு ஒரு தடவதான் முள்ளு நகருது, இருந்தாலும் நேரம் நேரம்தானே. அமோலெட் ஸ்க்ரீன்ல கருப்பு இடத்துல இருக்குற புள்ளி எரியவே எரியாது, அதனால கருப்பு பின்னணி, மெல்லிசான நம்பர் இருக்குற ஃபேஸ் வச்சா செலவு குறையும். குழந்தை ஃபோட்டோ வச்சிட்டு பேட்டரி நிக்கலன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

சரி, கைய தூக்குனா ஏன் எரியல? வாட்ச் உள்ள இருக்குற சென்சார் நம்ம கண்ண பாக்கல, கை எந்தப் பக்கமா திரும்பி எங்க நிக்குதுன்னு மட்டும்தான் பாக்குது. இடது கை திரும்புற திசை வேற, வலது கை திரும்புற திசை வேற. ரீசெட் பண்ணதுல "எந்தக் கை"ங்கற செட்டிங் இடதுக்கு போய் உக்காந்துடுச்சு! இத ஒருத்தரும் சொல்லல, ஒரு நாள் ராத்திரி மெனுவ நோண்டும்போது நானே பாத்தேன், எவ்ளோ கோவம் வந்துச்சுன்னு சொல்ல முடியாது.

செக் பண்றது ஈஸி. ஆல்வேஸ் ஆன ஆஃப் பண்ணிட்டு, நின்னுகிட்டு கைய தொங்க விட்டு, சாதாரணமா டைம் பாக்குற மாதிரி 20 தடவ தூக்கி எண்ணுங்க. எனக்கு முதல்ல 9 தடவதான் எரிஞ்சுது. வலது கைன்னு மாத்துனதும் 17. சென்சிடிவிட்டிய ஹைல வச்சா 19, ஆனா ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் பளிச் பளிச்சுன்னு மூஞ்சில அடிக்குது, அதனால ஸ்லீப் மோட 10 மணிக்கு தானா ஆன் ஆகுற மாதிரி வச்சேன். இன்னொண்ணு, ஸ்ட்ராப். வேர்வைக்கு லூசா கட்டுவோம், வாட்ச் எலும்புக்கு அந்தப் பக்கம் சரிஞ்சிடும், கையில இல்லன்னு நெனச்சி ஸ்க்ரீன அணைச்சிடும். கட்டியிருக்கும்போதே பின் நம்பர் கேட்டுச்சுன்னா அதுதான் காரணம், ஒரு ஓட்டை இறுக்குங்க.

இவ்ளோ பண்ணியும் ஒரு இடத்துல இது தோக்குது. தண்டையார்பேட்டைல இருந்து எண்ணூர் பக்கம் யார்டுக்கு வண்டில போறேன், ஹேண்டில்பார்ல கை ஏற்கனவே திரும்பிதான் இருக்கு, கண்ண இறக்குனா டைம் தெரியணும், ஆனா கை அசையலயே, அது எப்படி எரியும்? கன்டெய்னர் லாரி பக்கத்துல போகும்போது கைய எடுத்து ஆட்ட முடியுமா? பஸ்ல கம்பிய புடிச்சி நிக்கிறப்பவும் இதே கதைதான். அதனால காலைல 7ல இருந்து 9 வரைக்கும், சாயங்காலம் 6ல இருந்து 8 வரைக்கும் மட்டும் ஆல்வேஸ் ஆன் டைமர் போட்டிருக்கேன். இப்போ ஒரு நாளைக்கு 12 சதவீதம்தான் போகுது. உச்சி வெயில்ல அந்த மங்கல் வெளிச்சம் படிக்க முடியாது, அதையும் சொல்லிடுறேன்.

வாட்ச் நல்ல வாட்ச்தான். ஆனா அந்த சர்வீஸ்ல ஒரு செட்டிங்க பாத்து சொல்லாம ஆறு மாசம் அலைய விட்டதுக்கு அடுத்தது அந்தக் கம்பெனில எடுக்க மாட்டேன்.

மச்சான், உனக்கு ஏலத்துல கையெல்லாம் ஈரம், ஸ்க்ரீன தட்டுனாலும் கேக்காது, ரெண்டு கையிலயும் கூடை இருக்கும். நீ அந்த விடியக்கால நேரத்துக்கு மட்டும் டைமர் போட்டுக்கோ, மீதி நேரம் ஆஃப்லயே கெடக்கட்டும். அதுக்கு முன்னாடி எந்தக் கைன்னு போட்டிருக்குன்னு பாரு.