நீலம் மறைய ஆகும் நேரமா, மறையும் வேகமா: டிசிபிஐபி சோதனையின் இரு வழிகள்

பசலைக் கீரையிலிருந்து பிரித்த பசுங்கணிகங்களை டிசிபிஐபி என்ற நீலச் சாயத்தோடு கலந்து விளக்கின் முன் வைத்தால், சில நிமிடங்களில் நீலம் மறைந்து பசுங்கணிகங்களின் பச்சை மட்டும் மிஞ்சும். இலையில் ஒளிச்சேர்க்கையின் ஒளிவினை நடக்கும்போது நீரிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் கடைசியில் என்ஏடிபி என்ற ஏற்பி மூலக்கூறுக்குப் போய்ச் சேரும். இங்கே சாயம் இடையில் புகுந்து அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு எலக்ட்ரான்களை ஏற்ற சாய மூலக்கூறு நிறமிழக்கிறது. 1930களின் பிற்பகுதியில் இராபர்ட் ஹில் கண்டறிந்த வினை இது. அவர் அப்போது எலக்ட்ரான் ஏற்பியாகப் பயன்படுத்தியது இரும்பு உப்பு.

நிறம் போவதை அளக்க ஆய்வகங்களில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நீலம் எப்போது முழுதாக மறைகிறது என்று கண்ணால் முடிவு செய்வது. மற்றொன்று, கலரிமீட்டரில் ஒளி உட்கவர்தலைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் குறித்துக்கொண்டு, அது குறையும் வேகத்தைக் கணக்கிடுவது. முதல் வழி முடிவுப் புள்ளியை அளக்கிறது, இரண்டாவது வேகத்தை அளக்கிறது. ஒரே கேள்விக்கு இவை எதிரெதிரான விடை தரும் இடமும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு குழாய்களிலும் மொத்தம் 3 மில்லிலிட்டர் கலவை, பச்சையம் 20 மைக்ரோகிராம். முதல் குழாயில் குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் அரைத்து, வடிகட்டி, மையவிலக்கியில் சுழற்றி, படிவை எடுத்துக் கழுவிய பசுங்கணிகங்கள். இரண்டாவது குழாயில் மஸ்லின் துணியில் வடிகட்டியதோடு நிறுத்திக்கொண்ட பச்சைச் சாறு. இரண்டிலும் சாயத்தின் செறிவு லிட்டருக்கு 40 மைக்ரோமோல். 600 நானோமீட்டர் அலைநீளத்தில், பி.எச். 7 அளவில், சாயத்தின் உட்கவர் கெழு மில்லிமோலார் செறிவுக்கு ஏறத்தாழ 21. ஆகவே தொடக்க அளவீடு 0.84 இருக்க வேண்டும்.

முதல் குழாய் விளக்குக்கு வரும் முன் 0.84 காட்டுகிறது, ஒளியில் நிமிடத்துக்கு 0.12 குறைகிறது. இரண்டாவது குழாயை இருட்டில் வைத்திருக்கும்போதே, முதல் நிமிடத்துக்குள் அளவீடு 0.48க்கு இறங்கிவிடுகிறது. பிறகு ஒளியில் நிமிடத்துக்கு 0.08 குறைகிறது. சரிவு கடைசி வரை நேராகவே போகிறது என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், முதல் குழாயில் நீலம் மறைய 7 நிமிடம், இரண்டாவதில் 6 நிமிடம்.

கண்ணை மட்டும் நம்பியவர் இரண்டாவது குழாயில் ஒளிவினை வேகமாக நடந்தது என்று எழுதுவார். உண்மையில் அதன் வேகம் முதல் குழாயில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இருட்டிலேயே காணாமற்போன 0.36 அளவு நீலத்தை இலையிலிருந்த அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, தின்றுவிட்டது. வைட்டமின் சி-யை அளக்க உணவு ஆய்வகங்கள் பயன்படுத்துவது இதே சாயத்தைத்தான். கணக்கில் அந்த இழப்பு 17 மைக்ரோமோலார் சாயம். 3 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 9 மைக்ரோகிராம் அமிலம் போதும். 20 மில்லிகிராம் கீரை இலையில் அந்த அளவு இருக்கக்கூடும். கழுவாத சாற்றில் நிறம் போவதைப் பார்த்து ஒளிவினை என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அதில் ஒரு பகுதி வெறும் அஸ்கார்பிக் அமிலத்தின் வேலை.

இந்தத் தவறு கண் வழியில் ஏன் தெரிவதில்லை என்றால், அது தொடக்கத்தையும் நடுப்பகுதியையும் பதிவு செய்வதில்லை. அலுமினியத் தாள் சுற்றிய இருட்டுக் குழாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் ஓரளவு காப்பாற்றலாம். ஆனால் அந்தக் குழாய் முழுதாக வெளுக்காது, சற்று மங்கியதாகத்தான் தெரியும். பச்சை கலந்த நீலம் எவ்வளவு மங்கியது என்பதைக் கண் எடை போடாது. கலரிமீட்டரில் அதே இருட்டுக் குழாய் ஓர் எண்ணைத் தருகிறது. ஒளியில் கிடைத்த வேகத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

முதல் குழாயின் கணக்கை முடித்துவிடுவோம். 0.12ஐ 21ஆல் வகுத்தால் மில்லிலிட்டருக்கு நிமிடத்தில் 5.7 நானோமோல், 3 மில்லிலிட்டருக்கு 17 நானோமோல். ஒரு மில்லிகிராம் பச்சையத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 51 மைக்ரோமோல் சாயம். இப்படிப் பச்சையத்தின் அளவால் வகுத்த எண் கையில் இருந்தால்தான் இன்றைய தயாரிப்பை அடுத்த வாரத் தயாரிப்போடு ஒப்பிட முடியும். கண் வழியில் கிடைக்கும் '7 நிமிடம்' அப்படிப் பயணம் செய்யாது. சாயத்தைச் சற்றுக் கூடுதலாக ஊற்றினாலே அது 9 ஆகிவிடும்.

கலரிமீட்டரும் தவறு செய்யும். குழாயை விளக்கிலிருந்து எடுத்துக் கருவிக்குள் வைக்கும் நேரத்தில் வினை நின்றுவிடுகிறது. ஆகவே ஒளியில் இருந்த நேரத்தை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். பசுங்கணிகங்கள் மெதுவாக அடியில் படியும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்காவிட்டால், படிவதும் வினைபோலவே சரிவாகத் தெரியும். சாயம் சேர்க்காத பசுங்கணிகக் குழாயை வைத்துத்தான் கருவியைப் பூஜ்ஜியத்தில் நிறுத்த வேண்டும், பச்சையமும் சிவப்பு ஒளியை உட்கவர்வதால். கரைசல் அமிலத்தன்மை அடைந்தால் சாயம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும். அப்போது எலக்ட்ரான் ஏதும் ஏறாமலே 600 நானோமீட்டர் அளவீடு விழும். தாங்கல் கரைசல் பி.எச். 7 அளவில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது இதற்காகத்தான்.

கண் வழிக்கும் இடம் இருக்கிறது. முப்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் விளக்கைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்க்கும்போது, ஒரே ஒரு கருவிக்கு வரிசையில் நிற்க முடியாது. அப்போது ஒன்று செய்யலாம்: அதே கலவையில் அஸ்கார்பிக் அமிலத்தைத் தாராளமாகச் சேர்த்து முழுதாக வெளுத்த ஒரு குழாயைத் தயார் செய்து, முடிவு நிறத்துக்கு அளவுகோலாகப் பக்கத்தில் நிறுத்துங்கள். 'கிட்டத்தட்டப் பச்சை' என்று ஒருவரும் 'இன்னும் நீலம்' என்று இன்னொருவரும் சொல்லும் சண்டை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கழுவிய பசுங்கணிகங்களையே கொடுங்கள். தொடக்கத்தில் அமிலம் நீலத்தைக் கொள்ளையடிக்காது. விளக்கின் சூட்டைத் தடுக்க இடையில் நீர்த்தொட்டி ஒன்று நிற்கட்டும். ஒளியைப் பாதியாகக் குறைத்தால் நேரம் நீள்கிறதா என்ற கேள்விக்கு இவ்வளவும் போதும்.

எந்த வழியில் அளந்தாலும் எலக்ட்ரான் நீரிலிருந்துதான் வந்தது என்று சொல்ல இன்னொரு குழாய் தேவைப்படுகிறது. அதில் டையூரான் என்ற களைக்கொல்லியைச் சிறிதளவு சேர்க்க வேண்டும். அது இரண்டாம் ஒளி அமைப்பிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் வாயிலை அடைக்கும். ஒளி இருந்தும் நீலம் நிலைத்து நின்றால், மற்ற குழாய்களில் நாம் அளந்தது ஒளிவினைதான் என்று தயக்கமின்றி எழுதலாம். நிலைக்காமல் மங்கினால், எவ்வளவு மங்கியது என்பதைக் கலரிமீட்டர் சொல்லும். அதையும் கழித்துவிட வேண்டும்.