பொடி விற்க எந்தக் கடை: ஆன்லைன் சந்தையா, சொந்தத் தளமா, வாட்ஸ்அப்பா?

வீட்டில் அரைக்கும் பருப்புப் பொடியையும் இட்லிப் பொடியையும் விற்க, நானும் என் நாத்தனாரும் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகைத்தான் தேர்ந்தெடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு மூன்றுக்குமே வேண்டும். அந்த எண்ணைப் பொட்டலத்தின் லேபிளில் அச்சிட வேண்டும். ஜிஎஸ்டியில்தான் பலர் குழம்புகிறார்கள். முன்பெல்லாம் அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் விற்க ஜிஎஸ்டி எண் கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரி, ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். ஆனால் மாநிலம் தாண்டி பெங்களூருவுக்கு ஒரு பொட்டலம் விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை. வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர் என்பதால் அதற்கு விலக்கு கிடையாது.

இனி கணக்கு. 250 கிராம் பருப்புப் பொடியை 150 ரூபாய்க்கு விற்கிறோம், சாமானும் பேக்கிங்கும் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 65. ஆன்லைன் சந்தையில் அனுப்பும் கட்டணம் 50, கமிஷனும் மற்றதும் 15 என்றால் அங்கேயே 65 போய்விட்டது. அந்தக் கட்டணங்கள்மீது 18 சதவீத ஜிஎஸ்டி வேறு, சுமார் 12 ரூபாய். ஆக, பொட்டலத்துக்கு 12 ரூபாய் கைநஷ்டம். கட்டணம் தளத்துக்குத் தளம் மாறும். பெரிய தளங்களின் கட்டணக் கணிப்பானில் உங்கள் விலையையும் எடையையும் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மூன்று பொட்டலத்தைச் சேர்த்து காம்போவாகப் போட்டால் கணக்கு தேறும். ஆனால் ருசி தெரியாத பொடியை முதல் தடவையே முக்கால் கிலோ யார் வாங்குவார்கள்?

இந்த நஷ்டத்தையும் விளம்பரச் செலவாக நினைத்துத் தாங்கிக்கொள்ளலாம், வாங்கியவர் மறுபடி நம்மிடமே வருவார் என்றால். என் முடிவு இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. பொடி தீர்ந்துபோகும் பொருள். மாதாமாதம் வாங்குகிற முப்பது வீடுகள் இருந்தால் அதுவே வியாபாரம். சந்தைத் தளத்தில் வாங்குபவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர். அவருடைய எண்ணை எடுத்து நாம் தனியாகப் பேச முடியாது. பொட்டலத்துக்குள் நம் எண்ணை எழுதிய சீட்டு வைப்பதையும் தள விதிகள் அனுமதிப்பதில்லை. அடுத்த மாதம் அவர் ‘பருப்புப் பொடி’ என்று தேடும்போது, நம் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே பத்து பெரிய கம்பெனிகள் நிற்கும்.

வாட்ஸ்அப்பில் அந்த எண் நம்மிடம் இருக்கிறது. வேலைக்கென்று தனி சிம் போடுங்கள். கேட்டலாகில் ஒவ்வொரு பொடிக்கும் படம், எடை, விலை, எத்தனை நாள் கெடாது என்பதை எழுதுங்கள். ஆர்டர்களுக்கு ‘பணம் வரணும்’, ‘அனுப்பியாச்சு’ என்று லேபிள் ஒட்டலாம். புதிதாக அரைத்ததும், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலுக்குச் செய்தி போடலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே முதல் ஆர்டரிலேயே, “அக்கா, இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க” என்று கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு வரியை விட்டால் கேட்டலாக் வெறும் பட ஆல்பம்தான். கூரியர் கட்டணத்தைத் தனியாகச் சொல்வதால் வாங்குபவரே இரண்டு பொட்டலம் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்.

வேலை மட்டும் கூடுதல். எல்லாவற்றுக்கும் நாம்தான் பதில் தட்ட வேண்டும், குழம்பு கொதிக்கும்போதும். பணம் போட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், போலியாகச் செய்வது சுலபம். வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்துவிட்டே பொட்டலம் கட்டுங்கள். தெரியாத எண்களுக்கு மொத்தமாகச் செய்தி அனுப்பி, அவர்கள் ‘ரிப்போர்ட்’ செய்தால் எண்ணே முடங்கலாம். அத்தனை வாடிக்கையாளரும் அதோடு போவார்கள். எண்களையும் முகவரிகளையும் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். முன்பின் தெரியாதவர் நம்மைக் கண்டுபிடிக்கவும் இதில் வழியில்லை. அதில் சந்தைத் தளமே மேல்.

சொந்தத் தளம் நான் நடத்தியதில்லை, தெரிந்தவர் ஒருவர் நடத்துவதைப் பார்த்ததுதான். வாடிக்கையாளரின் எண் அங்கும் நம்மிடமே இருக்கும், ஆர்டரை மென்பொருளே பதிந்துகொள்ளும். ஆனால் டொமைன், மாதச் சந்தா, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே பிடிக்கும் இரண்டு சதவீதம் எல்லாம் போக, ஆட்களை அங்கே கூட்டிவர விளம்பரத்துக்கும் பணம் கொட்ட வேண்டியிருக்கிறது. பதில் தட்டுவதற்கே அரைநாள் போகிறது என்ற நிலை வந்தால் நாங்கள் அங்கே போவோம், இதே எண்களைக் கையில் வைத்துக்கொண்டு.

நீங்கள் விற்பது டெரகோட்டா நகையோ குழந்தைத் தொட்டிலோ என்றால் என் கணக்கு பொருந்தாது. ஒருமுறை வாங்கிப் போகிறவர்களை நம்பிய பொருளுக்குப் புது முகங்கள்தான் வேண்டும். அங்கே விலையில் கட்டணத்தைத் தாங்க இடமிருந்தால் சந்தைத் தளத்திலேயே தொடங்குங்கள்.