காட்டியின் pKa: மடக்கைக் கோடா, முழு வளையியா?

புரோமோதைமோல் நீலத்தின் pKa ஐ நிறமாலை ஒளிமானியால் காண்பதில், கரைசல் தயாரிப்பு எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். எடுத்த வாசிப்புகளை வைத்துக்கொண்டு பிறகு என்ன செய்வது என்பதில்தான் வழி பிரிகிறது. மடக்கை எடுத்து நேர்கோடு வரைவது ஒரு வழி. உயர்தர மாணவர் முதல் பட்டப்படிப்பு மாணவர் வரை பழகியது அதைத்தான். அகத்துறிஞ்சலையே pH உக்கு எதிரே வைத்து S வடிவ வளையியைக் கணினியால் பொருத்துவது மற்றது. என் சாய்வு இரண்டாவது பக்கம். காரணம் கணினி வசதி அல்ல. எல்லைப் பெறுமானம் என்ற ஒரே ஒரு விடயம்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான தயாரிப்பு. 25 மில்லிலீற்றர் கனமானக் குடுவைகள் ஒன்பது. ஒவ்வொன்றிலும் 0.04% காட்டிக் கரைசல் 1.00 மில்லிலீற்றர், 1 mol dm⁻³ KCl 1.5 மில்லிலீற்றர். ஏழு குடுவைகளில் 0.1 mol dm⁻³ NaH₂PO₄, Na₂HPO₄ இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில், மொத்தம் 5 மில்லிலீற்றர் வரும்படி சேர்த்து, காய்ச்சி வடித்த நீரால் குறிவரை நிரப்பினால் pH ஏறத்தாழ 6 இலிருந்து 8 வரை பரவி நிற்கும். KCl ஐ விட்டுவிடக்கூடாது. இந்தக் காட்டியின் கூட்டற்பிரியாத வடிவத்துக்கு ஓர் எதிரேற்றம், கூட்டற்பிரிந்த வடிவத்துக்கு இரண்டு. அயன் வலிமை கூடினால் தோற்ற pKa இறங்கும், பூச்சியத்துக்கும் 0.1 உக்கும் இடையே கணக்குப்படி 0.3 அளவு வித்தியாசம் வரும். ஒரு நூலில் 7.1 என்றும் இன்னொன்றில் 7.3 என்றும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிச்சம் இரண்டு குடுவைகள் எல்லைகளுக்கு. ஒன்றில் ஐதான அமிலம் சில துளி விட்டு pH ஐ 4 அளவுக்குக் கொண்டுவரவேண்டும். செறிந்த அமிலத்தை ஊற்றினால் காட்டி இன்னொரு புரோத்தனையும் ஏற்றுக்கொண்டு வேறு நிறத்துக்குப் போய்விடும். மற்றதில் NaOH விட்டு pH 10 அல்லது 10.5. அந்த pH இல் 99.8 சதவீதத்துக்கு மேல் நீல வடிவம்தான், அதற்கு மேலே போகத் தேவையில்லை. எல்லாவற்றையும் 616 நனோமீற்றரில் வாசிக்கவேண்டும். மஞ்சள் வடிவம் அங்கே ஏறத்தாழ ஒன்றும் உறிஞ்சாது.

மடக்கை வழியின் சமன்பாடு எல்லோருக்கும் தெரிந்தது:

```
pH = pKa + log[(A − A_HIn)/(A_In − A)]
```

A என்பது அந்தந்தக் குடுவையின் வாசிப்பு, A_HIn அமில எல்லைக் குடுவையின் வாசிப்பு, A_In கார எல்லைக் குடுவையின் வாசிப்பு. மடக்கையை pH உக்கு எதிரே குறித்தால் படித்திறன் 1 உள்ள கோடு வரவேண்டும். அது pH அச்சை வெட்டும் இடமே pKa. வரைபுத்தாளும் அடிக்கோலும் போதும், மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. அந்த எளிமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

சிக்கல் A_In இல் இருக்கிறது. ஏழு புள்ளிகளையும் ஏழு குடுவைகள் தருகின்றன என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் ஏழிலும் A_In என்ற அந்த ஒரே வாசிப்பு உள்ளே நிற்கிறது. இடையிலுள்ள ஒரு குடுவையில் காட்டி கொஞ்சம் குறைந்தால் ஒரு புள்ளி மட்டும் விலகும், அது கண்ணுக்கும் தெரியும். காரக் குடுவையில் குறைந்தால் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து ஒரே பக்கம் நகரும். எவ்வளவு குறைந்தால் போதும்? குழாயியின் நுனியில் ஒரு துளி தங்கினால் போதும். ஒரு துளி 0.04 மில்லிலீற்றர் என்றால், 1 மில்லிலீற்றரில் அது 4 சதவீதம்.

அந்த ஒரு துளி என்ன செய்கிறது என்பதைக் காட்ட, உண்மை pKa 7.10, A_HIn 0.010, A_In 0.810 என்று வைத்து உண்டாக்கிய மாதிரி எண்கள் கீழே. ஏழு தாங்கற் கரைசல்களிலும் பிழையே இல்லை. காரக் குடுவை மட்டும் 0.810 உக்குப் பதிலாக 0.780 காட்டியது என்று வைத்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தனித்தனியே pKa கணித்தால் கடைசி நிரல் வரும்.

| pH | A | பிழையான A_In தரும் pKa |
|---|---|---|
| 6.12 | 0.086 | 7.08 |
| 6.50 | 0.171 | 7.08 |
| 6.81 | 0.281 | 7.08 |
| 7.08 | 0.401 | 7.07 |
| 7.40 | 0.543 | 7.05 |
| 7.71 | 0.652 | 7.01 |
| 8.10 | 0.737 | 6.87 |

நிரலை மேலிருந்து கீழே பாருங்கள். அமிலப் பக்கத்தில் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது, காரப் பக்கத்தில் சரிந்து விழுகிறது. 8.10 இல் A_In − A உண்மையில் 0.073. பிழையான எல்லையால் அது 0.043 ஆகிவிட்டது. மடக்கைக்குள் பகுதி எண் இப்படிச் சுருங்கினால் விகிதம் ஏறத்தாழ 1.7 மடங்காகும்.

இந்தப் புள்ளிகளுக்குக் கோடு போட்டால் pKa 7.04, படித்திறன் 1.09, R² 0.997. ஆபத்தே இந்த 0.997 தான். அறிக்கையில் அதை எழுதினால் யாரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். விடையோ 0.06 தள்ளி நிற்கிறது. மடக்கை வழியில் வேலை செய்பவர் R² ஐ விட்டுவிட்டுப் படித்திறனைப் பார்க்கவேண்டும். அது 1 இலிருந்து 0.03 அளவுக்கு மேல் விலகினால், முதல் சந்தேகம் எல்லைக் குடுவைகளில் விழவேண்டும். புள்ளி வாரியான pKa நிரலையும் எழுதிப் பார்க்கவேண்டும். கார முனையில் சரிந்தால் A_In சிறிதாகிவிட்டது, அங்கே ஏறினால் பெரிதாகிவிட்டது. அமில முனையில் மட்டும் விலகினால் குற்றம் A_HIn இல்.

முழு வளையி வழியில் எல்லைகளை முன்கூட்டியே அறிந்தவையாக எடுப்பதில்லை. A_HIn, A_In, pKa மூன்றையும் தரவுகளே தீர்மானிக்கின்றன. எக்செலில் B1, B2, B3 கட்டங்களில் இம்மூன்றுக்கும் தொடக்க மதிப்பாக ஆகச் சிறிய வாசிப்பு, ஆகப் பெரிய வாசிப்பு, 7 என்று இடலாம். A6 முதல் A14 வரை ஒன்பது pH, B6 முதல் B14 வரை வாசிப்புகள். C6 இல் முதல் வரியை இட்டுக் கீழே இழுத்து, கூட்டுத்தொகைக் கட்டத்தில் இரண்டாவதை இடவேண்டும்:

```
=$B$1+($B$2-$B$1)/(1+10^($B$3-A6))
=SUMXMY2(B6:B14,C6:C14)
```

பிறகு Solver இல் அந்தக் கூட்டுத்தொகையை Min ஆக்கி, B1:B3 ஐ மாற்றச் சொல்லி, GRG Nonlinear முறையில் ஓடவிட்டால் வேலை முடிந்தது. மேலே உள்ள ஏழு வாசிப்புகளை மட்டும் கொடுத்தாலே அது 7.10 உக்கு வந்துவிடும், காரக் குடுவை தேவையே இல்லை. இருந்தும் எல்லைக் குடுவைகள் இரண்டையும் வெறும் இரண்டு வரிகளாகச் சேர்ப்பது நல்லது. அப்போது காரக் குடுவைக்கு ஒன்பதில் ஒரு வாக்குத்தான். அது பொய் சொன்னால், pH 10.5 வரியில் வாசிப்பு வளையிக்குக் கீழேயும் 8.10 வரியில் மேலேயும் நிற்கும். எந்தக் குடுவையைத் திரும்பத் தயாரிப்பது என்று தேடி அலையவேண்டியதில்லை.

கணினி இல்லாதவர் இதையே கையாலும் ஓரளவு செய்யலாம். A_In ஐச் சிறிது சிறிதாக மாற்றி, புள்ளி வாரியான pKa நிரல் மட்டமாகும் வரை திரும்பக் கணிப்பது. 0.780 இலிருந்து 0.810 உக்குப் போகையில் கடைசி நிரல் முழுவதும் 7.10 ஆக நிமிர்வதைக் காணலாம். வளையிப் பொருத்தம் செய்வதும் சாரத்தில் இதுதான்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: மஞ்சள், நீலம் இரண்டும் சமமாக உறிஞ்சும் 500 நனோமீற்றருக்கு அண்மையிலுள்ள புள்ளியில் ஒவ்வொரு குடுவையையும் வாசித்து, 616 வாசிப்பை அதனால் வகுப்பது. காட்டியின் அளவு வகுபட்டுப்போவதால் துளிப் பிரச்சினை வேரோடு போகும். ஆனால் அந்த அலைநீளத்தில் உறிஞ்சல் சிறியது. வாசிப்பு 0.150 என்றால் கருவியின் ±0.002 ஆட்டமே ஒரு சதவீதத்தைத் தாண்டும். நல்ல குழாயி இருக்கும் இடத்தில் இலாபம் குறைவு என்றே நினைக்கிறேன். துளிக்குப்பியால் காட்டி விடும் இடத்தில் என் கணிப்பு மாறலாம்.

வளையி வழிக்கும் பலவீனம் உண்டு. pH புள்ளிகள் 6.5 இலிருந்து 7.4 வரைதான் என்றால், மேல் தட்டு எங்கே என்று தரவுகளுக்கே தெரியாது. Solver ஓர் எண்ணைத் தரும். தொடக்க மதிப்பை மாற்றி ஓடவிட்டால் வேறோர் எண்ணும் தரலாம். pKa இன் இருபுறமும் ஓர் அலகாவது பரவியிருந்தால்தான் இந்த வழியை நம்பலாம்.

இரண்டாவது பலவீனம் நம் ஊர்த் தண்ணீரோடு சேர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து வருவது, கல்சியம் மிகுந்தது. குடுவையைக் கடைசியாக அந்த நீரால் அலசி விட்டுவிட்டால், பொசுபேற்றோடு pH 8 பக்கம் மெல்லிய கலங்கல் உண்டாகலாம். கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே அது 616 இல் வாசிப்பைக் கூட்டும். கலங்கல் pH ஓடு சேர்ந்து ஏறுவதால் Solver அதையும் வளையியின் பகுதியாக விழுங்கி, A_In ஐப் பெரிதாக்கி, pKa ஐ மேலே தள்ளிவிடும். வாசிப்புக்கும் வளையிக்கும் இடையிலான மீதிகளும் சிறிதாகவே இருக்கும். பிடிப்பதற்கு ஒரு வாசிப்புப் போதும்: ஒவ்வொரு குடுவையையும் 750 நனோமீற்றரிலும் பாருங்கள். அங்கே காட்டி ஏறத்தாழ உறிஞ்சாது. சுழியத்திலிருந்து தெளிவாக ஏறிய குடுவையை ஊற்றிவிட்டு, வடித்த நீரால் இரண்டு தரம் அலசித் திரும்பத் தயாரிக்கவேண்டும்.

pH மானியின் பிழையை எந்த வழியும் காட்டித் தராது. மானி 0.05 கூட்டிக் காட்டினால் pKa உம் அப்படியே 0.05 கூடும், படித்திறன் 1 ஆகவே இருக்கும், மீதிகளும் அசையாது. பகலில் ஆய்வுகூடம் 30 பாகையில் இருக்கையில், 25 பாகையில் 6.86 உள்ள பொசுபேற்று நியமக் கரைசல் 6.85 ஆகிறது, போராக்சு 9.18 இலிருந்து 9.14 ஆகிறது. இரண்டையும் அந்த வெப்பநிலைக்குரிய எண்ணில் வைத்து, மானியின் வெப்பநிலையையும் 30 ஆக்கி, pKa உக்குப் பக்கத்தில் 30 °C, அயன் வலிமை 0.1 என்று எழுதவேண்டும்.