ஆறு மாலைக்கு எந்தத் தொடர்? எங்கள் வீட்டுக் கணக்கு

இவருக்குக் கொலை வேண்டும், எனக்குக் குடும்பம் வேண்டும். கல்யாணமாகி ஏழு வருசத்தில் டிவிக்கு முன்னால் நாங்கள் ஒத்துப்போனது கிரிக்கெட்டுக்கு மட்டும்தான், அதிலும் நான் பாதியில் எழும்பிப் போய்விடுவேன்.

ரசனை வேறு என்பதைவிடப் பெரிய சிக்கல் நேரம். இவருக்குச் சீனக்குடாப் பக்கம் ஷிப்ட் வேலை, காலை, மாலை, இரவு என்று வாரத்துக்கு வாரம் மாறும். எனக்குத் திங்களிலிருந்து வியாழன் வரை வீட்டிலேயே டியூஷன், எட்டு மணிக்குத்தான் கடைசிப் பிள்ளையின் சைக்கிள் கேட்டைத் தாண்டும். காலை ஷிப்ட் வாரத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று மாலை கிடைக்கும். இரவு ஷிப்ட் வாரத்தில் இரண்டு, அதுவும் ஒன்பதே காலுக்குள் முடிக்க வேண்டும். மாலை ஷிப்ட் வாரத்தில் இவருடைய லீவு நாள் ஒன்றுதான். ஆக மூன்று வாரத்துக்கு ஆறு மாலை, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட எண்பது நிமிடம். இடையில் பத்து நாள் இடைவெளியும் வரும்.

இந்தக் கணக்கைக் காலண்டருக்குப் பின்னால் எழுதிப் பார்த்த பிறகுதான் நாங்கள் தப்பான விசயத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம் என்று விளங்கியது. திரில்லரா காதலா என்பதல்ல கேள்வி. பத்து நாள் கழித்து வந்து உட்கார்ந்தால் எந்தக் கதை நம்மை ஏற்றுக்கொள்ளும் என்பதுதான்.

முதலில் இவர் ஆசைப்படி ‘சுழல்’ பார்த்தோம். 2022இல் வந்த முதல் சீசன், எட்டு எபிசோட், முக்கால் மணி நேரம் அளவில் போகும். தொழிற்சாலை தீப்பிடிக்கும் அதே இரவில் தொழிற்சங்கத் தலைவரின் மகளைக் காணவில்லை, ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. நல்ல தொடர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒவ்வொரு எபிசோடும் கழுத்தைப் பிடித்து அடுத்ததுக்குத் தள்ளுகிற மாதிரிதான் முடியும். ஒரு மாலைக்கு இரண்டு பார்த்தால் ஒன்பதரை தாண்டிவிடும், இரவு ஷிப்ட் வாரத்தில் அது நடக்காது. ஒன்று ஒன்றாகப் பார்த்தால் நாலு வாரம். அந்த நாலு வாரத்தில் யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்பது எனக்கு மறந்துபோகும். ஒவ்வொரு முறையும் முதல் கால் மணி நேரம் “இவன் யாரப்பா, போன முறை வந்தானா?” என்று கேட்டே ஓடியது.

இதைவிட மோசமானது, இப்படிப்பட்ட தொடர் ஒருவரைக் களவு செய்ய வைக்கும். ஐந்தாவது எபிசோடில் ஒரு திருப்பம் வந்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் போனில் இரண்டு எபிசோட் முன்னுக்குப் போயிருக்கிறார்! “எப்படிப் பிடிச்ச?” என்று கேட்டார். புட்டை வாயில் வைக்காமல் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்த மனிதனை வேறு எப்படிப் பிடிப்பது?

அப்புறம் என் பக்கம். ‘ரிப்ளை 1988’. சோல் நகரத்தில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை, அடுத்த வீட்டுக்குக் கறிக் கோப்பை கொண்டுபோகிற பிள்ளைகளைப் பார்த்தால் நம் ஒழுங்கைதான் ஞாபகம் வரும். கதை மறந்துபோகும் பயமும் இதில் இல்லை. ஆனால் மொத்தம் 20 எபிசோட், பல எபிசோடுகள் ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டும். எங்கள் எண்பது நிமிடத்துக்குள் ஒன்றுகூட ஒழுங்காக அடங்காது, நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு இவர் சப்பாத்து மாட்டப் போய்விடுவார். ஒரு மாலைக்கு ஒன்று என்று வைத்தாலே பத்து வாரம். இவருக்கோ முதல் ஒரு மணி நேரத்தில் யாரும் சாகவில்லை என்பது தாங்கமுடியாத குறை. நானே கைவிட்டேன். தனியாகப் பார்க்கிறேன், துணி மடிக்கும்போது.

சரி, இடைவெளிதான் பிரச்சினை என்றால் தனித்தனிக் கதைகளாகப் பார்ப்போமே என்று ‘மாடர்ன் லவ் சென்னை’ எடுத்தோம். ஆறு இயக்குநர்கள், ஆறு கதைகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. கணக்குக்கு இதைவிடப் பொருத்தமாக வராது, மூன்று வாரத்தில் கச்சிதமாக முடியும். ஆனால் தொடர்பில்லாததால் அடுத்த மாலைக்காகக் காத்திருக்க ஒன்றுமில்லை, நடுவில் கதைத்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் புது ஆட்களோடு முதலிலிருந்து பழக வேண்டும், ஒரு கதை பிடிக்காவிட்டால் அந்த மாலையே போச்சு. பாரதிராஜா எடுத்த கதையில் மனைவி இருக்கும் கணவனுக்கு இன்னொரு பெண்ணோடு காதல் வருகிறது. அழகாகத்தான் எடுத்திருக்கிறார், ஆனால் அந்த வாரத்தின் ஒரே மாலைக்கு அது தேவையா?

‘தலைவெட்டியான் பாளையம்’ பற்றி ஒரு வரி: இரண்டு எபிசோட் ஒரு மாலைக்குள் அடங்கும், சிரிப்பு வரும், இவர் இரண்டாவதில் நித்திரை.

கடைசியில் எங்களுக்குச் சரிவந்தது ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’. 2022 கொரியத் தொடர், 16 எபிசோட், ஒன்று எழுபது நிமிடம் அளவில். ஆட்டிசம் உள்ள இளம் வழக்கறிஞர் ஒருத்தியின் கதை. பெரும்பாலும் எபிசோடுக்கு ஒரு வழக்கு, அன்றைக்கே தீர்ப்பு, அடியில் மெதுவாக ஓடும் காதலும் குடும்பக் கதையும். அதாவது, மறந்தால் குடிமுழுகிப்போகும் பகுதி அன்றைக்கே முடிந்துவிடும். பத்து நாள் கழித்தும் ஞாபகம் இருக்கும் பகுதி மட்டும்தான் தொடரும், யாருக்கு யார்மேல் மனசு என்பதை நான் மறப்பேனா?

இவர் விழுந்தது முதல் எபிசோடிலேயே. ஒரு வயதான அம்மா கோபத்தில் இஸ்திரிப் பெட்டியால் கணவனை அடித்துவிடுகிறாள், கொலை முயற்சி வழக்கு. சிறைக்குப் போகாமல் தப்பினால் போதும் என்று மற்ற வழக்கறிஞர்கள் நினைக்கிறார்கள். வூ மட்டும் கொலை முயற்சி என்று தீர்ப்பானால் கணவன் சொத்தில் அந்த அம்மாவுக்கு உரிமையே போய்விடும் என்று வேறு சட்டத்திலிருந்து பிடிக்கிறாள். சாய்ந்து கிடந்தவர் எழும்பி உட்கார்ந்து, “பொறு பொறு, திரும்பப் போடு” என்றார். அடித்தது யார் என்று முதலே தெரிந்த கதையிலும் இவருக்கு வேண்டிய மூளை வேலை இருந்தது.

குறையும் உண்டு. நாங்கள் சப்டைட்டிலோடுதான் பார்க்கிறோம், கண்ணை எடுக்க முடியாது, அதனால் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பது சரிவராது. மீன் முள் எடுக்கிற நேரத்தில் வாதம் முடிந்துவிடும். இரவு ஷிப்ட் வாரத்தில் எட்டு மணிக்குச் சரியாகத் தொடங்கினால்தான் உண்டு. காதல் காட்சிகளில் இவர் போனை எடுப்பார், நான் கண்டும் காணாமல் விடுவேன். முக்கியமாக, 7ஆவதும் 8ஆவதும் ஒரே வழக்கு. ஊருக்கு நடுவே ரோடு போடப் போகிறார்கள், அங்கே பழைய பெரிய மரம் ஒன்று நிற்கிறது. இதை மட்டும் பத்து நாள் இடைவெளிக்கு இரண்டு பக்கமும் விழவிடக்கூடாது, விழுந்தால் திரும்பவும் போனில் களவுதான்.

நாங்கள் இப்போது ஆறு முடித்திருக்கிறோம். இந்த வாரம் காலை ஷிப்ட். வெள்ளிக்கு நேரே 7, சனிக்கு நேரே 8 என்று காலண்டரில் எழுதிவிட்டேன். காலையில் பார்த்தால் சனிக்குக் கீழே இவர் எழுத்தில், “கணவாய் வாங்கவும், ஏழரைக்கே சாப்பாடு.”