மர்யமுக்கு பக்கத்துல யாருமே இல்ல: குர்ஆன்லயும் சுவிசேஷத்துலயும் அந்தப் பிறப்பு

இயேசுவோட அம்மா மரியாளைத்தான் குர்ஆன் மர்யம்னு சொல்லுது, 19-வது சூராவோட பேரே அதுதான். அந்த அத்தியாயத்தையும் லூக்கா, மத்தேயு முதல் ரெண்டு அதிகாரங்களையும் பக்கத்துல வெச்சு படிச்சா (மாற்குலயும் யோவான்லயும் பிறப்புக் கதையே இல்ல) ஆரம்பம் ரொம்ப ஒத்துப்போகும். லூக்கா மாதிரியே சூராவும் வயசான சகரியாவுக்கு பிள்ளை கிடைக்கிறதுல இருந்துதான் தொடங்குது, அப்புறம் வானவர் வர்றார், என்னை எந்த ஆணும் தொடலையே எப்படி பிள்ளை பிறக்கும்னு மர்யம் கேக்குறாங்க, இறைவனுக்கு அது சுலபம்னு பதில் வருது.

பெரிய வித்தியாசம் மரியாளுக்கு நிச்சயமான யோசேப்புதான். கல்யாணத்துக்கு முன்னாடியே கர்ப்பம்ங்கற பழியை மத்தேயு யோசேப்போட பிரச்சினையாத்தான் சொல்றார், ரகசியமா தள்ளிவிடலாம்னு அவர் நினைக்கிறப்போ கனவுல தூதன் வந்து தடுக்கிறான், அங்க மரியாள் ஒரு வார்த்தை பேசுறதில்ல. மத்தேயுவுக்கு யோசேப்பு கட்டாயம் வேணும், ஏன்னா தாவீதோட வம்சாவளி அவர் வழியாத்தான் வருது. குர்ஆன்ல இந்த யோசேப்பே கிடையாது, அதனால அந்தப் பழி மொத்தமும் மர்யம் தலையில வந்து விழுது.

பிரசவத்தைப் பாருங்க. லூக்கா பெத்லகேம், குடிமதிப்பு, முன்னணை எல்லாம் சொல்லிட்டு பிறப்பை ஒரே வசனத்துல முடிச்சிடுறார், வலியைப் பத்தி பேச்சே இல்ல. சூராவுல வலி தாங்காம பேரீச்ச மரத்தடிக்கு போற மர்யம், இதுக்கு முன்னாடியே நான் செத்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதான்னு கதறுறாங்க (19:23). எனக்கு இந்த ரெண்டு புத்தகத்துலயும் மனசை ரொம்ப உலுக்குற இடம் இதுதான். உடனே கீழருந்து ஒரு குரல், கவலைப்படாத, கீழே ஓடை இருக்கு, மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி, யாராவது வந்தா பேசமாட்டேன்னு நேர்ந்திருக்கேன்னு சொல்லிடு. மரத்தடியில மரியாளுக்கு பழமும் தண்ணியும் கிடைக்கிற கதை கிறிஸ்தவங்ககிட்டயும் உண்டு, ஆனா அது பைபிள்ல சேராத நூல்ல, அதுவும் எகிப்துக்கு தப்பிப் போற வழியில, பிரசவத்துல இல்ல.

அந்த மௌனத்தோடயே குழந்தையைத் தூக்கிட்டு ஊருக்குத் திரும்புறாங்க. உன் அப்பா கெட்டவர் இல்லையே, உன் அம்மா நடத்தை கெட்டவ இல்லையேன்னு ஜனங்க குத்துறாங்க. மர்யம் குழந்தையைக் கை காட்டுறாங்க, அவ்வளவுதான். மத்தேயுல கனவு செஞ்ச வேலையை இங்க தொட்டில் குழந்தையே வாய் திறந்து பேசி செய்யுது. முன்னாடி சகரியாவுக்கு அடையாளமா மூணு ராத்திரி பேசாம இருக்கச் சொன்னதை நினைச்சுப் பாத்தா, மர்யமோட மௌனம் அதுக்கு ஜோடி மாதிரி வந்து நிக்குது.

குழந்தையோட முதல் பேச்சே "நான் அல்லாஹ்வின் அடிமை" (19:30). லூக்காவுல தூதன் சொல்றது, பிறக்கப்போற குழந்தை தேவனுடைய குமாரன்னு (1:35). அப்பா இல்லாத பிறப்புங்கறதுல ரெண்டுக்கும் சண்டையே இல்ல, அந்தப் பிறப்பு எதைக் காட்டுதுங்கறதுலதான் பிரியுது, அல்லாஹ் தனக்குப் பிள்ளை எடுத்துக்கிறவன் இல்லன்னு 35-வது வசனத்துல சூரா நேரடியாவே சொல்லிடுது.