லாபம் இரண்டிலும் 7,000, காணாமல் போன சரக்கு ஒன்றில்தான் தெரியும்

தனியாகப் பேரேடு வைக்காத கிளைக்குத் தலைமை அலுவலகமே கணக்கு எழுதும்போது, முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு: கடனாளிகள் முறை, சரக்கு மற்றும் கடனாளிகள் முறை. லாபம் இரண்டிலும் ஒன்றேதான் வரும். அப்புறம் எதற்கு நீளமான வழி என்று கேட்பவர்களுக்காக ஒரே கிளையை இரண்டிலும் போட்டுப் பார்ப்போம்.

அடக்க விலையோடு 25% சேர்த்து, அந்த இன்வாய்ஸ் விலையில் சரக்கு போகிறது. கிளையும் அதே விலைக்கு விற்க வேண்டும். ஆரம்ப இருப்பு 20,000, அனுப்பியது 1,00,000, ரொக்க விற்பனை 60,000, கடன் விற்பனை 30,000. கடனாளிகள் தொடக்கத்தில் 8,000; அவர்களிடம் வசூலானது 32,000, ஆகவே நிலுவை 6,000. தலைமை அலுவலகம் அனுப்பிய செலவுப் பணம் 9,000. கடைசியில் எண்ணிப் பார்த்த சரக்கு 27,500.

கடனாளிகள் முறையில் ஒரே ஒரு கிளைக் கணக்கு. பற்றில் ஆரம்பச் சரக்கு, ஆரம்பக் கடனாளிகள், அனுப்பிய சரக்கு, செலவு. வரவில் ரொக்க விற்பனையும் வசூலுமாகக் கிளை அனுப்பிய பணம் 92,000, இறுதிச் சரக்கு, இறுதிக் கடனாளிகள். பிறகு லோடிங்கை, அதாவது அடக்கத்துக்கு மேல் சேர்த்த தொகையை, நீக்க வேண்டும். அடக்கத்தில் 25% என்றால் இன்வாய்ஸ் விலையில் அது ஐந்தில் ஒரு பங்கு; 1,00,000-க்கு 25,000 என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். ஆரம்ப இருப்புக்கு 4,000, அனுப்பியதற்கு 20,000 வரவில்; இறுதி இருப்புக்கு 5,500 பற்றில். பற்று 1,42,500, வரவு 1,49,500. லாபம் 7,000. அரைப் பக்கத்தில் வேலை முடிந்தது.

கடனாளிக்குக் கொடுத்த தள்ளுபடியையோ வாராக்கடனையோ இதில் தனியாக எழுதக் கூடாது. அவை ஏற்கெனவே இறுதி நிலுவையைக் குறைத்திருக்கும். மறுபடி பற்று வைத்தால் ஒரே நஷ்டம் இரண்டு தடவை ஏறிவிடும்.

இனி இரண்டாவது முறை. கிளைச் சரக்குக் கணக்கு முழுக்க இன்வாய்ஸ் விலையில் நடக்கும். பற்று 1,20,000. வரவில் விற்பனை 90,000. மீதி 30,000-க்குச் சரக்கு அலமாரியில் இருக்க வேண்டும், இருப்பதோ 27,500. அந்த 2,500 இங்கே கண்ணில் குத்துகிறது. இதில் லோடிங் 500, லோடிங்குக்கென்றே வைக்கும் சரிக்கட்டுக் கணக்குக்கும், அடக்கம் 2,000 லாப நஷ்டக் கணக்குக்கும் போகும். சரிக்கட்டுக் கணக்கில் ஆரம்ப இருப்பின் 4,000, அனுப்பியதன் 20,000 சேர்ந்து 24,000 வரவு. அதிலிருந்து இறுதி இருப்பின் 5,500, குறைவின் 500 போக மொத்த லாபம் 18,000. குறைவு 2,000, செலவு 9,000 கழித்தால் அதே 7,000.

முதல் முறையிலும் இந்த 2,000 லாபத்தைத் தின்றுதான் இருந்தது, சொல்லாமல் தின்றது. அங்கே 7,000-ஐப் பார்ப்பவர், விற்பனை மந்தமோ செலவு அதிகமோ என்று யோசிப்பாரே தவிர, சரக்கு குறைந்திருக்கும் என்று நினைக்கக் காரணமே இருக்காது. கிளையில் ஒருவர் ரொக்க விற்பனையைப் பதியாமல் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டாலும் இப்படித்தான் தெரியும், அதாவது தெரியாது.

ஆனால் சரக்குக் கணக்கில் குறைவு வந்தவுடன் கிளை மேலாளரைக் கூப்பிட்டுத் திட்டிவிடவும் கூடாது. முதலில் வழியில் இருக்கும் சரக்கைப் பாருங்கள். தலைமை அலுவலகம் அனுப்பியதாகப் பதிந்து, கிளைக்கு இன்னும் வந்து சேராத பெட்டி ஒன்று இருந்தால், இந்த 2,500 வெறும் தேதிப் பிரச்சினைதான். அப்படியானால் அது இறுதி இருப்பில் சேரும், லாபமும் 2,000 கூடும். அடுத்து, இன்வாய்ஸ் விலைக்குக் கீழே தள்ளி விற்றார்களா என்று கேளுங்கள். 10,000 சரக்கை 9,000-க்கு விற்றால் 1,000 குறைவாகத் தெரியும், சரக்கு ஒன்றும் தொலைந்திருக்காது. இப்படி விலையைக் குறைக்க அனுமதி இருந்தால் அந்தக் குறைப்பைத் தனியாக எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் திருட்டும் தள்ளுபடியும் ஒரே எண்ணில் கலந்துவிடும்.

இதனால்தான் விலையைக் கிளையே நாளுக்கு நாள் மாற்றும் இடத்தில் நான் இரண்டாவது முறையைச் சிபாரிசு செய்வதில்லை. ஒப்பிட நிலையான விலை இல்லாதபோது அந்தக் கணக்கின் மீதிக்கு அர்த்தமில்லை. நாலைந்து பொருள் மட்டும் விற்கும் சின்னக் கிளைக்கும் கடனாளிகள் முறை போதும், மாதம் ஒருமுறை எண்ணிக்கையாகவே சரக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். விலை மேலிருந்து தீர்மானமாகி, சரக்கு அடிக்கடி போய்வரும் கிளை என்றால் கூடுதல் கணக்குகளுக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.