பச்சை விளக்கை நம்பி ஒரு ராத்திரி: வெப்சாக்கெட்டோடு இரண்டு வருஷம்

திருவாரூரில் நெல் அரவை மில் வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கூப்பிட்டான். டிரையர் சூட்டை போனில் உடனுக்குடன் பார்க்கணும், உன் பம்புசெட்டுக்குப் போட்ட மாதிரியே வெப்சாக்கெட் போட்டுடலாமா என்று கேட்டான். வெப்சாக்கெட் என்றால் இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேச, மூடாமல் திறந்தே வைத்திருக்கும் இணைப்பு. போனில் இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இது.

நீடாமங்கலம் பக்கம் சித்தப்பாவின் போர் கொட்டகையில் ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கணினிப் பெட்டி ஒன்று, சிம் போட்ட ரூட்டர், இரண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன பேட்டரி. கும்பகோணத்திலிருந்து நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில் முன்னால் nginx, பின்னால் நோட், `ws` லைப்ரரி. மோட்டார் ஓடினாலோ நின்றாலோ பெட்டி ஒரு செய்தி அனுப்பும், சித்தப்பா போனில் பச்சையோ சிவப்போ தெரியும். வேலை செய்கிற நாட்களில் இதைப் போல ஒன்று கிடையாது. கொட்டகையில் ஸ்டார்ட்டர் விழுகிற சத்தம் அடங்குவதற்குள் இங்கே நிறம் மாறிவிடும்.

ஆனால் மோட்டார் ஓட ஆரம்பித்தால் மணிக்கணக்கில் ஓடும், அதுவரை பெட்டிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. வெப்சாக்கெட்டுக்கு ஆகாதது இந்த மௌனம்தான். முதல் மாதத்தில் நிமிஷத்துக்கு ஒரு தடவை இணைப்பு அறுந்தது, லாக் முழுக்க 1006, முறைப்படி மூடாமல் அறுந்த இணைப்புக்கு விழும் எண். காரணம் சுலபமாகவே கிடைத்தது: nginx-இல் `proxy_read_timeout` சொல்லாமல் விட்டால் 60 வினாடி, பின்னாலிருக்கும் சர்வரிடமிருந்து அதற்குள் எதுவும் வராவிட்டால் வெட்டிவிடும். நான் அதை 3600 ஆக்கினேன். லாக் அமைதியானது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். இந்த இரண்டு வருஷத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

மே மாதம், மேட்டூர் திறப்பதற்கு முன்னால் போர் தண்ணீரில் குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் எடுத்தது, பச்சை வந்தது, சித்தப்பா படுத்துவிட்டார். 1:40-க்கு ஒரு பேஸ் போய் பிரிவென்டர் மோட்டாரை நிறுத்தியிருக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு அவரிடமிருந்து போன்: "தம்பி, போன்ல ஓடுதுன்னு பச்சையா இருக்கு, வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்லையேப்பா." எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

நடந்ததை லாக்கை வைத்துக் கோத்துப் பார்த்தேன். சிம் நெட்வொர்க்கில் நம் பெட்டிக்கென்று தனி முகவரி இல்லை, பல பேருக்கு ஒரே முகவரி, நடுவில் ஒரு பட்டியல் யாருடைய இணைப்பு எது என்று வைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் பேச்சில்லாவிட்டால் அந்த வரியை அழித்துவிடுகிறார்கள். அழித்ததை இரண்டு முனைக்கும் சொல்வதில்லை. எங்கள் சிம்மில் நான் அளந்தேன்: 4 நிமிஷ மௌனத்துக்குப் பிறகு அனுப்பியது போய்ச் சேர்ந்தது, 8 நிமிஷத்துக்குப் பிறகு அனுப்பியது சேரவில்லை. ஆக 1:40-க்கு பெட்டி "நின்றது" என்று அனுப்பியபோது இணைப்பு ஏற்கனவே செத்திருந்தது. `send()` பிழை எதுவும் காட்டவில்லை, ஏனென்றால் லினக்ஸ் கெர்னல் செய்தியை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், கைவிட சுமார் 15 நிமிஷம் ஆகும். கைவிட்ட பிறகு பெட்டி புதிதாக இணைந்தும் இருக்கிறது! ஆனால் மாற்றம் வந்தால் மட்டும் சொல்லும்படி நான் எழுதியிருந்ததால் பழைய செய்தியைத் திரும்பச் சொல்லவில்லை. பச்சை அப்படியே நின்றது.

முன்பு 60 வினாடிக்கு ஒரு தடவை வெட்டிக்கொண்டிருந்த nginx உண்மையில் எனக்கு நல்லது செய்திருக்கிறது, அந்தப் பட்டியல் அழிவதற்குள் புது இணைப்பு வந்துவிடும். நேரத்தை நீட்டி அதைக் கெடுத்தது நான். அதனால் இதே பிரச்சினையோடு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, டைம்அவுட் எண்ணைத் தொடாதீர்கள்.

இப்போது 60-க்கே திரும்பிவிட்டேன். சர்வர் 25 வினாடிக்கு ஒரு பிங் அனுப்புகிறது, 60-க்குள் இரண்டு தடவை விழும் கணக்கு. அடுத்த பிங் போவதற்குள் அதற்குப் பதிலான பாங் வரவில்லையென்றால் சர்வர் அந்த இணைப்பைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு நாளைக்கு 3456 பிங், டேட்டா ஒரு எம்பி சுற்றளவுதான் வருகிறது. பிங் அனுப்புவது பாதி வேலை, மீதிப் பாதி அது வராததைக் கவனிப்பது. பெட்டியில் இவ்வளவுதான்:

```js
function beat() {
  clearTimeout(this.t);
  this.t = setTimeout(() => this.terminate(), 35000);
}
ws.on('error', console.error);
ws.on('open', beat);
ws.on('ping', beat);
ws.on('close', function () {
  clearTimeout(this.t);
  retry();
});
```

35 என்பது 25-உம், மழை நாளில் தாமதமாக வரும் சிக்னலுக்கு 10-உம். `close()` போடாமல் `terminate()` போட்டதற்குக் காரணம், `close()` எதிர்முனையிடம் விடை சொல்லி அதன் பதிலுக்குக் காத்திருக்கும், செத்த இணைப்பில் யார் பதில் சொல்வது.

சித்தப்பா போனில் இருக்கும் பக்கத்துக்கு இது பொருந்தாது. பிரவுசர் பிங்குக்குத் தானே பாங் சொல்லிவிடும், நம் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது வந்ததே தெரியாது, அனுப்பவும் வழி கிடையாது. அதனால் அங்கே சாதாரணச் செய்தியாகவே ஒரு துடிப்பை சர்வர் அனுப்புகிறது. பக்கம் பின்னால் மறைந்து 5 நிமிஷம் ஆனால் குரோம் டைமரை நிமிஷத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்துவிடும், ஆகவே கணக்கை டைமரிடம் விடாமல், பக்கம் மறுபடி கண்ணுக்கு வந்ததும் `visibilitychange`-இல் கடைசித் துடிப்பு எப்போது என்று பார்த்துக்கொள்கிறேன்.

மறுபடி இணைவதிலும் அடிபட்டேன். முதலில் அறுந்த உடனேயே முயற்சி செய்யும்படி எழுதியிருந்தேன், டவர் போன ஒரு மழை ராத்திரியில் பெட்டி ஓயாமல் முட்டிக்கொண்டே இருந்து பேட்டரியைக் காலி செய்தது. இப்போது ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் இடைவெளியின் உச்சம் இரட்டிப்பாகிறது, 30 வினாடிக்கு மேல் போகாது, `n` என்பது தோற்ற தடவைகளின் எண்ணிக்கை:

```js
const wait = Math.random() * Math.min(30000, 1000 * 2 ** n);
```

அந்த `Math.random()` முக்கியம். சர்வரை நான் ரீஸ்டார்ட் செய்தால் பெட்டி, சித்தப்பா போன், என் போன், சித்தி போன் எல்லாம் ஒரே நொடியில் அறுகின்றன, அது இல்லாவிட்டால் ஒரே நொடியில் திரும்பவும் வந்து மோதும். அப்புறம் `n`-ஐ எப்போது பூஜ்யமாக்குவது? `open` வந்தவுடன் ஆக்கினேன், தப்பு. டோக்கன் காலாவதியான ஒரு நாள், இணைப்பு திறந்து அடுத்த கணமே சர்வர் மூட, `n` பூஜ்யமாகி, வினாடிக்கு வினாடி மோதல். இணைப்பு ஒரு நிமிஷம் நிலைத்தால்தான் இப்போது பூஜ்யம்.

இணைந்ததும் பெட்டி தன் முழு நிலையையும் சொல்கிறது. பக்கத்தில் பச்சைக்குக் கீழே "கடைசியாகக் கேட்டது 12 வினாடிக்கு முன்" என்று ஓடும், 40 தாண்டினால் நிறம் சாம்பலாகிவிடும். சித்தப்பா இப்போது நிறத்தைவிட அந்த எண்ணைத்தான் பார்க்கிறார். சாம்பல் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறார். அந்த மே மாதத்துக்குப் பிறகு பொய்ப் பச்சை ஒரு தடவைகூட வரவில்லை, இதை நான் கழற்றப் போவதும் இல்லை.

ஆனாலும் நண்பா, உனக்கு வேண்டாம். டிரையர் சூடு 15 வினாடியில் ஒன்றும் தாவிவிடாது. போன் பக்கம் 15 வினாடிக்கு ஒரு தடவை சாதாரணமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், கேட்டது வரவில்லையென்றால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். மேலே எழுதிய எதையும் நீ எழுத வேண்டியதில்லை.